A3 என்றே தேர்ந்தெடுத்தேன், போஸ்டர் ஏன் மங்கல்? அதே படத்தில் நோட்டீஸ் தெளிவாக வந்ததே!

கொழிஞ்சாம்பாறை வாசகி
5 ஜனவரி 2025, இரவு 9.40

எங்கள் வாசகசாலையில் பொங்கல் விழா. போஸ்டர், நோட்டீஸ் இரண்டையும் நானே போனில் ஒரு டிசைன் ஆப்பில் செய்தேன். தமிழும் மலையாளமும் கலந்த வாசகம். ஆப்பில் A3 போஸ்டர் என்று இருந்ததைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதே படத்தையே A5 அளவில் நோட்டீஸாகவும் அடிக்கச் சொன்னேன். ஒரே கடை, ஒரே பைல்.

நோட்டீஸ் நன்றாக வந்திருக்கிறது. போஸ்டரைப் பார்த்தால் எழுத்தின் ஓரமெல்லாம் பஞ்சு மாதிரி. தலைப்பு பரவாயில்லை. கீழே நிகழ்ச்சி நிரலும் போன் நம்பரும் கிட்டப் போனால் கண்ணைக் கூசுகிறது. கடைக்காரர் "நீங்க குடுத்த பைல் அப்படித்தான்" என்கிறார். அப்படியானால் நோட்டீஸ் மட்டும் எப்படித் தெளிவாக வரும்? மிஷின் கோளாறு என்றால் திருப்பி அடித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பொள்ளாச்சி ஸ்டுடியோ
5 ஜனவரி, இரவு 10.15

படம் 72 டிபிஐயில் இருந்திருக்கும். பிரிண்டுக்கு 300 வேண்டும். போட்டோஷாப்பில் திறந்து, Image Size போய், Resolution பெட்டியில் 72ஐ அழித்துவிட்டு 300 போட்டு சேவ் செய்து கொடுங்க. சரியாகிவிடும்.

பழைய அச்சுக்காரர்
6 ஜனவரி, காலை 6.50

ஸ்டுடியோ தம்பி சொன்ன 300 சரியான எண்தான். ஆனால் அவர் சொன்ன வழியில் போனால் போஸ்டர் ஒரு இழை கூட மாறாது. அதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பெண் இன்னொரு முறை காசு கொடுத்து அதே மங்கலை வாங்கி வருவார்.

படத்துக்குள் இருப்பது பிக்சல் மட்டும்தான். அகலத்தில் இத்தனை, உயரத்தில் இத்தனை. அந்த 72, 300 என்பது பைலின் தலையில் எழுதி ஒட்டிய சீட்டு. "என்னை அச்சடித்தால் ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் வைத்துக்கொள்" என்று சொல்கிற சீட்டு, அவ்வளவுதான். அந்தப் பெட்டியில் Resample என்ற டிக் இல்லாமல் எண்ணை மாற்றினால் சீட்டு மட்டும் மாறும், பிக்சல் ஒன்றும் கூடாது. டிக்கோடு மாற்றினால் பிக்சல் எண்ணிக்கை கூடும். ஆனால் கூடுகிற பிக்சலெல்லாம் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து நடுவில் கலந்து போட்டவை. இல்லாத வளைவு, இல்லாத கோடு அதில் வந்து சேராது. மங்கல் கொஞ்சம் வழவழப்பான மங்கலாகும்.

தெரிய வேண்டியது ஒரே வகுத்தல் கணக்கு. படத்தின் அகலம் எத்தனை பிக்சல், காகிதத்தின் அகலம் எத்தனை அங்குலம். முதலதை இரண்டாவதால் வகுத்து வருவதுதான் உண்மையான அளவு. A3 காகிதம் 297 × 420 மில்லிமீட்டர், அகலம் 11.7 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 வேண்டுமென்றால் படம் 3508 × 4961 பிக்சல் இருக்க வேண்டும்.

அம்மிணி, உங்கள் படத்தைப் போன் கேலரியில் திறந்து Details பாருங்க. இரண்டு எண் இருக்கும். அதைச் சொன்னால் மேலே பேசலாம்.

கொழிஞ்சாம்பாறை வாசகி
6 ஜனவரி, காலை 8.05

1123 × 1587 என்று இருக்கிறது. ஆனால் பைல் 3 எம்பிக்கு மேல் இருக்கே? பெரிய பைல்தானே? அதுவும் ஆப்பிலேயே A3 என்று போட்டிருந்ததே, அது எப்படிப் போதாமல் போகும்?

பழைய அச்சுக்காரர்
6 ஜனவரி, காலை 8.40

எண்ணைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. 1123ஐ 11.7ஆல் வகுத்தால் 96. உங்கள் போஸ்டர் அங்குலத்துக்கு 96 பிக்சலில் அடிக்கப்பட்டிருக்கிறது.

இந்த 96 தற்செயலாக வந்ததில்லை. கணினித் திரைக்கென்று வெகுநாளாக வைத்திருக்கும் கணக்கு ஓர் அங்குலத்துக்கு 96. ஆப்பு உங்களுக்கு A3 தாளின் நீள அகலத்தைச் சரியாகத்தான் எடுத்துக்கொண்டது. அதைப் படமாகக் கொடுக்கும்போது திரைக் கணக்கில் பெருக்கிக் கொடுத்துவிட்டது. 297 மில்லிமீட்டரை அங்குலமாக்கி 96ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 1123 வரும். A3 என்ற பெயர் தாளின் அளவைச் சொல்கிறது. அதில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்று சொல்வதில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்தது சரி, தரவிறக்கிய வடிவம்தான் இந்த வேலைக்குப் போதாதது.

எம்பியை வைத்து முடிவு கட்டாதீர்கள். பிஎன்ஜி பைல் சுருக்கும்போது எதையும் இழக்காது, அதனால் கனமாக இருக்கும். உள்ளே ஒரு போட்டோ இருந்தால் 1123 பிக்சல் அகலத்துக்கே இரண்டு மூன்று எம்பி வந்துவிடும். அதே பிக்சல் ஜேபெக்கில் முந்நூறு கேபியில் அடங்கும். எடை வேறு, அளவு வேறு.

இப்போது நோட்டீஸ். A5 தாளின் அகலம் 5.83 அங்குலம். அதே 1123ஐ 5.83ஆல் வகுத்தால் 193. அதனால்தான் அது பார்க்கும்படி வந்தது. ஒரே பைல், ஒரே கடை, தாள் மட்டும் இரண்டு மடங்கு அகலம், தெளிவு பாதி.

பொள்ளாச்சி ஸ்டுடியோ
6 ஜனவரி, காலை 11.20

அண்ணா, Resample விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கட்டுமா? நோட்டீஸ் ஆயிரக்கணக்கில் என்றால் ஆப்செட்டில் போட்டிருப்பார்கள். போஸ்டர் கொஞ்சம்தான் என்றால் டிஜிட்டல் மிஷினில் எடுத்திருப்பார்கள். இரண்டும் ஒரே மிஷின் இல்லை. டிஜிட்டலில் டோனர் சரியில்லாமல் இருந்தாலும் எழுத்து ஓரம் சிதறும். பைல்தான் காரணம் என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

பழைய அச்சுக்காரர்
6 ஜனவரி, மதியம் 1.30

நல்ல கேள்வி. கணக்கு மட்டும் போதாது, தாளிலேயே சாட்சி வேண்டும்.

வாசகி அம்மிணி, போஸ்டரின் அடி ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் போன் நம்பரும் பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அச்சகத்தில் தாங்களே அடியில் ஒரு வரி சேர்ப்பார்கள். அதை அவர்கள் கோரல்டிராவில் தட்டச்சு செய்திருப்பார்கள், உங்கள் படத்தில் இருந்து வந்ததில்லை. அந்த வரியையும் உங்கள் போன் நம்பரையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

டோனரோ மிஷினோ காரணமென்றால் இரண்டும் ஒரே மாதிரி கெட்டிருக்கும். அந்தப் பொடி வரி கூர்மையாக இருந்து, அதைவிடப் பெரிய உங்கள் எழுத்து மட்டும் பஞ்சாக இருந்தால், மிஷின் நல்ல மிஷின்.

கொழிஞ்சாம்பாறை வாசகி
6 ஜனவரி, மாலை 6.10

இருக்கிறது. ரொம்பப் பொடி எழுத்து, ஆனால் கத்தி மாதிரி இருக்கிறது. எங்கள் எழுத்து அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தும் மங்கல். சரி, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை.

ஆனால் வருத்தமாகத்தான் இருக்கிறது. மங்கலாக வரும் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்குமா?

செங்கோட்டை பிளெக்ஸ்
6 ஜனவரி, இரவு 8.00

தெரிந்திருக்கும். கோரலில் படத்தை A3க்கு இழுத்துவிட்டு அதைத் தொட்டாலே கீழே ஸ்டேட்டஸ் பாரில் 96 x 96 dpi என்று காட்டும். நாங்கள் தினமும் பார்க்கிறதுதான். பொங்கல் நேரத்தில் வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது யாரும் சொல்வதில்லை. சொன்னால் "வேற பைல் இல்லைங்க, இதையே போடுங்க" என்பார்கள். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அப்புறம், 300 என்று எல்லாரையும் பயமுறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. பத்தடிக்கு எட்டடி பேனரை நாங்கள் அடிக்கு 12 அங்குலம், அங்குலத்துக்கு 72 என்று போடுகிறோம். பெரிய போர்டு என்றால் அதற்கும் கீழே போகும். ரோட்டில் போகிறவனுக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரிகிறது. இப்போது எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போகிற வேலை துணியில்தான், பிவிசி பிளெக்ஸ் அங்கே கூடாது. துணியில் மை கொஞ்சம் பரவும், அதற்கு 300 கொடுத்தால் வீண். போஸ்டரும் சுவரில்தானே ஒட்டுகிறோம்? ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் 96 போதுமே.

பழைய அச்சுக்காரர்
7 ஜனவரி, காலை 6.30

செங்கோட்டைக்காரர் சொல்வதில் சத்து இருக்கிறது. ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன்.

நல்ல கண் ஒரு மீட்டர் தூரத்தில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 87 புள்ளி வரைதான் பிரித்துப் பார்க்கும். ஓரடி தூரத்தில் அதே கண் 286 வரை பார்க்கும். அந்த 300 என்ற எண் கையில் பிடித்துப் படிக்கிற தாளுக்கும் பொருந்துவது இதனால்தான். அப்படிப் பார்த்தால் ஒரு மீட்டருக்கு 96 போதும் என்பது கணக்கில் சரியே.

ஆனால் விழாப் போஸ்டரை எப்படிப் படிக்கிறார்கள் என்று டீக்கடைச் சுவர் பக்கம் நின்று பாருங்கள். தலைப்பைத் தூரத்தில் இருந்து பார்ப்பார்கள். யார் பேசுகிறார்கள், எத்தனை மணிக்கு, எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்பதற்குக் கிட்டே வருவார்கள். ஒன்றரை அடியில் முகத்தை வைப்பார்கள். அங்கே 96 எடுபடாது. பேனரை யாரும் ஒன்றரை அடியில் நின்று படிப்பதில்லை. பேனருக்கும் போஸ்டருக்கும் இதுதான் வித்தியாசம்.

இன்னொன்று, படத்தையும் எழுத்தையும் ஒன்றாக எடை போடக் கூடாது. முகமோ கட்டடமோ 120, 150ல் இருந்தாலும் கண் மன்னித்துவிடும். முகம் கொஞ்சம் மென்மையாகத் தெரியும், அவ்வளவுதான். எழுத்தை மன்னிக்காது. எழுத்து என்பது கூர்மையான ஓரம் மட்டும்தான். அதிலும் நம் எழுத்து. இந்தப் போஸ்டரில் நிரல் எழுத்து 3 மில்லிமீட்டர் உயரம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 96ல் அது 11 பிக்சல் உயரம். அந்த 11 பிக்சலுக்குள் ண என்றால் மூன்று சுழி, ன என்றால் இரண்டு சுழி காட்டியாக வேண்டும். மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்குக் கிடைப்பது ஒரு பிக்சல், மிஞ்சினால் ஒன்றரை. அது பக்கத்து வெள்ளையோடு கலந்து சாம்பலாகிக் காணாமல் போகும். மலையாளத்தில் கூட்டெழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்று தொங்கும், அங்கே நிலைமை இன்னும் மோசம். அதே எழுத்து 300ல் 35 பிக்சல் உயரம். புள்ளிக்கு நாலு பிக்சல் கிடைக்கும். புள்ளி புள்ளியாக நிற்கும்.

பழைய அச்சுக்காரர்
7 ஜனவரி, காலை 7.15

மேலே எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும், இதுதான் எனக்கு முக்கியம்.

300 பிக்சலில் படமாகக் கொடுத்தாலும், எழுத்து படமாக இருக்கிறவரை அது முழுத் தெளிவு ஆகாது. ஆப்செட்டில் வண்ணப் படம் எல்லாம் டாட்டாக உடையும். ஆர்ட் பேப்பரில் வழக்கமாக 150 லைன் ஸ்கிரீன், அதாவது ஓர் அங்குலத்தில் 150 வரிசை டாட். 300 பிக்சல் கேட்பதே அந்த 150ஐ இரட்டிப்பாக்கித்தான். உங்கள் எழுத்து படத்துக்குள் இருந்தால், ஓரத்தில் இருக்கும் சாம்பல் பிக்சல்கள் அந்த டாட்டாகவே உடையும். எழுத்தாகவே கொடுத்தால் கதை வேறு. வளைவுக் கோடாகப் போகும், ஸ்கிரீன் கணக்கு அதற்கு இல்லை. பிளேட் எடுக்கும் எந்திரம் அங்குலத்துக்கு 2400 புள்ளி வைத்து அந்த ஓரத்தை வரையும். அச்சகத்தின் அடி வரி கத்தி மாதிரி இருந்ததற்கும் இதே காரணம்தான், அது டிஜிட்டல் மிஷினாக இருந்தாலும்.

அதனால் எனக்குப் பிடித்த வழி, படத்தைப் பெரிதாக்குவதில்லை. எழுத்தைப் படத்தில் இருந்து விடுவிப்பது. ஆப்பில் உங்கள் டிசைன் அப்படியே இருக்குமே, அம்மிணி? அதைப் படமாக இறக்காமல் PDF Print என்று இருப்பதில் இறக்குங்கள். எழுத்து எழுத்தாகவே வரும். இறங்கியதும் போனில் திறந்து ஒரு சின்ன எழுத்தின் மேல் முடிந்தமட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாகவே இருந்தால் சரி. படிக்கட்டு மாதிரியோ புகை மாதிரியோ தெரிந்தால் பிடிஎஃபுக்குள்ளும் படமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

வண்டித்தாவளம்
7 ஜனவரி, காலை 10.45

நானும் இதே பிரச்சினையில் மாட்டியிருக்கிறேன், இங்கேயே கேட்டுவிடுகிறேன். அப்பாவுக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டர், A3. அப்பாவின் தனிப் படம் ஒன்றுமே இல்லை. அக்கா கல்யாண ஆல்பத்தில் குரூப் போட்டோவில் நிற்கிறார், அதில் தலையும் தோளும் சேர்த்து இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். சித்தப்பா அதைப் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கடையில் போட்டுப் பார்த்தார்கள், முகமே தெரியவில்லை. நானும் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் சரியாகுமா?

பழைய அச்சுக்காரர்
7 ஜனவரி, மதியம் 12.20

பிடிஎஃப் உங்களுக்கு உதவாது தம்பி. அது எழுத்துக்கான மருந்து. போட்டோவைப் பிடிஎஃபுக்குள் போட்டாலும் அதே பிக்சல்தான் இருக்கும்.

சித்தப்பா அனுப்பியதைத் தொடாதீர்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். எனக்கு வருகிற படங்களில் நீளப்பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல்தான். முழுக் குரூப் போட்டோவும் அந்த 1600க்குள் அடங்கும்போது அப்பாவின் முகத்துக்கு நூறு பிக்சல் கூடக் கிடைத்திருக்காது. ஆல்பத்தையே வாங்கி வாருங்கள். படத்தை ஆல்பத்தில் இருந்து எடுக்க முடிந்தால் ஸ்கேனரில் 600ல் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 0.79 அங்குலம், 600ஆல் பெருக்கினால் 472 பிக்சல். 1200ல் வைத்தால் எண் இரண்டு மடங்காகும், ஆனால் பழைய போட்டோத் தாளில் அதற்கு மேல் விவரம் இருக்காது. தாளின் மணிமணிதான் பெரிதாகத் தெரியும்.

472 பிக்சலை நினைவஞ்சலி போஸ்டரில் வழக்கமாகப் போடுவது போல் 7 அங்குல அகலத்துக்கு இழுத்தால் 67. முகம் நிற்காது. அதையே 3 அங்குலத்துக்கு வைத்தால் 157. நன்றாக நிற்கும். படத்தைச் சின்னதாக வைத்துச் சுற்றிலும் மாலை மாதிரி பார்டர் கொடுங்கள், பெயரையும் தேதியையும் பெரிய எழுத்தில் போடுங்கள். எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், அதற்குக் கேடில்லை. பெரிய மங்கலான முகத்தைவிடச் சின்னத் தெளிவான முகம்தான் அப்பாவுக்கு மரியாதை.

ஸ்கேன் செய்ததை அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது.

பொள்ளாச்சி ஸ்டுடியோ
7 ஜனவரி, மதியம் 2.00

வண்டித்தாவளம் நண்பருக்கு: ஆல்பத்தில் இருந்து படம் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், முகம் கிழிந்து வந்த கேஸ் என்னிடமே வந்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் ஆல்பத்தை வைத்து, மேலிருந்து நேராகப் போனில் எடுங்கள். பிளாஷ் வேண்டாம், பளபளப்பு அடிக்கும். அப்பாவின் முகம் மட்டும் பிரேமை நிறைக்கும்படி கிட்டே போங்கள், போகஸ் பிடிக்கும் தூரம்வரை. 12 மெகாபிக்சல் போன் என்றாலே 4000 × 3000 இருக்கிறது, பிக்சலுக்குப் பஞ்சமில்லை. குரூப் முழுவதையும் எடுத்துப் பிறகு வெட்டுவதுதான் தப்பாகப் போகிறது.

வண்டித்தாவளம்
7 ஜனவரி, மாலை 5.30

ஆல்பம் ஒட்டித்தான் இருக்கிறது. நாளைக் காலையில் ஜன்னல் ஓரம் எடுக்கிறேன். நன்றி அண்ணா.

கொழிஞ்சாம்பாறை வாசகி
8 ஜனவரி, இரவு 7.50

பிடிஎஃப் இறக்கினேன். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து அப்படியே கூர்மையாக இருக்கிறது. சந்தோஷமாகக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே அதைக் கோரலில் திறந்தார்கள். திறந்ததும் தமிழில் கொம்பெல்லாம் இடம் மாறிவிட்டது, "பொங்கல்" என்ற சொல்லே உடைந்து நிற்கிறது. மலையாளம் படிக்கவே முடியவில்லை. "உங்க பான்ட் எங்ககிட்ட இல்ல, ஜேபெக்காவே குடுங்க" என்கிறார்கள். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிட்டேன்.

பழைய அச்சுக்காரர்
8 ஜனவரி, இரவு 8.30

ஜேபெக் கொடுத்துவிடாதீர்கள், பொறுங்கள்.

பிடிஎஃபைக் கோரலில் திறப்பது என்றால் அதைப் பிரித்து மறுபடி கட்டுவது. கட்டும்போது நம் எழுத்துகளின் கொம்பும் காலும் தவறிப்போகும். பிரிக்கவே வேண்டாம். அக்ரோபேட் ரீடரில் திறந்து அங்கிருந்தே மிஷினுக்கு பிரிண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் போஸ்டர் டிஜிட்டலில்தான் போகிறது என்பதால் இது நடக்கும். எழுத்து வடிவம் பிடிஎஃபுக்குள்ளேயே இருக்கிறது, அவர்களிடம் பான்ட் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பக்க அளவு Actual size என்று வைக்கச் சொல்லுங்கள், Fit வேண்டாம்.

அவர்கள் கோரலில்தான் போடுவோம் என்று பிடிவாதம் பிடித்தால், பிடிஎஃபைத் திறக்காமல் இம்போர்ட் செய்து, கேட்கும்போது எழுத்தை Curves ஆக எடுக்கச் சொல்லுங்கள். எழுத்து வெறும் வடிவமாக வந்துவிடும், திருத்த முடியாது, உடையவும் உடையாது.

கொடுக்கும் முன் ஒன்று. போஸ்டருக்குள் வைத்த போட்டோக்களையும் தனித்தனியாகக் கணக்குப் பாருங்கள். என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?

கொழிஞ்சாம்பாறை வாசகி
8 ஜனவரி, இரவு 9.15

மூன்று. வாசகசாலைக் கட்டடம், வாட்ஸ்அப்பில் வந்தது, 1600 × 1200, போஸ்டரில் 7 அங்குல அகலம். சிறப்புப் பேச்சாளர் படம், அவருடைய பக்கத்தில் இருந்து எடுத்தது, 480 × 480, மூன்றரை அங்குலம். வாசகசாலை முத்திரை, 200 × 200, இரண்டு அங்குலம்.

நானே வகுத்துப் பார்த்தேன். கட்டடம் 228. பேச்சாளர் 137. முத்திரை 100.

பழைய அச்சுக்காரர்
8 ஜனவரி, இரவு 9.40

கட்டடம் தாராளம். பேச்சாளர் போகும், ஆனால் அவரிடமே ஒரு படம் டாக்குமென்டாகக் கேட்டு வாங்கினால் நல்லது. முத்திரை ஆகாது. 100 என்பதற்காக மட்டும் இல்லை, முத்திரைக்குள் வட்டமாக எழுத்து ஓடும். அது எழுத்து, போட்டோ இல்லை. ஒன்று அதை ஓர் அங்குலத்துக்குக் குறையுங்கள், அப்போது 200 வரும். இல்லாவிட்டால் எடுத்துவிட்டு வாசகசாலைப் பெயரைத் தட்டச்சு செய்துவிடுங்கள்.

செங்கோட்டை பிளெக்ஸ்
8 ஜனவரி, இரவு 10.30

எல்லாரும் A3 பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் சுவரொட்டி என்றால் டபுள் கிரவுன், 20க்கு 30 அங்குலம். அந்த 1123ஐ 20ஆல் வகுத்தால் 56. அதையும் அடித்து ஒட்டியிருக்கிறார்கள், தேர்தல் நேரத்தில் நிறையப் பார்த்தேன். தலைவர் முகம் நன்றாகத்தான் தெரிந்தது. ஒன்றரை அடியில் யார் போய்ப் படிக்கிறார்கள் என்பதில் நானும் பெரியவரும் ஒத்துப்போகவில்லை. எல்லாரும் இப்போது போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போய் வீட்டில் பெரிதாக்கிப் படிக்கிறார்கள்.

பழைய அச்சுக்காரர்
9 ஜனவரி, காலை 6.40

போனில் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கிறார்கள் என்றால் அதுவும் என் கட்சிக்குத்தான் சாதகம். பெரிதாக்கினால் மங்கல் இன்னும் பெரிதாகும். தலைவர் முகத்துக்கு 56 போதும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் போஸ்டரில் படிக்க வேண்டிய நம்பர் இல்லை.

20க்கு 30 பற்றிச் சொன்னது நல்லது. A3யின் நீளம் அகலத்தைப்போல் 1.41 மடங்கு, டபுள் கிரவுன் 1.5 மடங்கு. A3 டிசைனை அப்படியே அதில் போடச் சொன்னால், மேலும் கீழும் வெள்ளை விழும், அல்லது இரு பக்கமும் வெட்டுவார்கள், அல்லது இழுத்து நீட்டிவிடுவார்கள். தாள் எது என்று அச்சகத்தில் கேட்டுவிட்டுத்தான் ஆப்பில் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை வாசகி
10 ஜனவரி, மாலை 4.20

அக்ரோபேட்டில் இருந்தே எடுத்தார்கள். முதலில் ஒரே ஒரு தாள் எடுத்துப் பார்த்தோம். போன் நம்பர், நிரல், மலையாளக் கூட்டெழுத்து எல்லாம் தெளிவு. முத்திரையை ஓர் அங்குலமாக்கினேன். பேச்சாளர் புதுப் படம் அனுப்பவில்லை, பழையதே போயிருக்கிறது, கிட்டே பார்த்தால் முகம் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கிறது.

ஒரு சந்தேகம். தமிழில் கறுப்பு எழுத்து நன்றாக இருக்கிறது. மஞ்சள் பட்டையின் மேல் சிவப்பில் போட்ட மலையாள வரி மட்டும் ஓரத்தில் லேசாக வேறு நிறம் எட்டிப் பார்க்கிறது. இதுவும் பிக்சல்தானா?

பழைய அச்சுக்காரர்
10 ஜனவரி, மாலை 5.10

எழுத்தின் ஒரே பக்கத்தில் மட்டும் நிறம் எட்டிப் பார்த்தால் அது பிக்சல் இல்லை, நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழாத குறை. மிஷினில் சரி செய்ய வேண்டியது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கலங்கியிருந்தால் மட்டும் பைலைச் சந்தேகப்படுங்கள். லென்ஸ் இருந்தால் வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் போன் கேமராவைக் கிட்டே வைத்து ஒரு எழுத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். ஒரு பக்கமா எல்லாப் பக்கமுமா என்று பார்த்துச் சொல்கிறேன். மீதித் தாளை ஓட்டச் சொல்வதற்கு முன்னால் செய்துவிடுங்கள்.